நூறாவது முறை கொடுக்கிற அண்ணனுக்கு விழா, அதே நாளில் நாற்பது புதுப் பசங்க. எப்படி நடத்துறது?

காவிரிக்கரையான்:
வணக்கம். கும்பகோணம் பக்கம் எங்க ஊர். அக்டோபர் 1, தேசிய தன்னார்வ ரத்ததான நாள் அன்னைக்கு ஒரு காலேஜ்ல கேம்ப் போடுறோம். எங்க குரூப்ல சைக்கிள் கடை வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார். வயசு 51. பத்தொன்பது வயசுல கொடுக்க ஆரம்பிச்சவர், அன்னைக்கு நூறாவது தடவை கொடுக்கப் போறார். அதைப் பெரிசாக் கொண்டாடணும்னு எல்லாருக்கும் ஆசை. எனக்கும்தான்.

ஆனா ஒரு பயம் இருக்கு. எட்டு வருஷம் முன்னாடி அவரோட 75ஆவது தடவைக்கு நாங்க ஒரு கூத்து பண்ணினோம். ஒரு மண்டபம். மேடைக்கு நேர் கீழே கட்டில் போட்டிருந்தோம். ஹாஸ்டல் பசங்க காலை ஏழு மணிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு ஒன்பதுக்கே வந்துட்டாங்க. சிறப்பு விருந்தினர் பதினொன்றேகாலுக்கு வந்து முக்கால் மணி நேரம் பேசினார். "இவர் எழுபத்தஞ்சு தடவை குடுத்துட்டு சிங்கம் மாதிரி நிக்கிறார், உங்களுக்கு ஒரு தடவைக்கே கை நடுங்குதா?"ன்னு மைக்குல கேட்டார். எல்லாரும் சிரிச்சோம், நானும் சேர்ந்து. அப்புறம் ஹீமோகுளோபின், அதான் ஹெச்பி, பார்க்கிற மேசையில ஒரு பொண்ணோட ரத்தச் சொட்டு நீலத் தண்ணியில முங்காம மிதந்துச்சு. மிதந்தா ஹெச்பி குறைவுன்னு கணக்கு. எங்க ஆள் ஒருத்தன் "இவங்க ரிஜெக்ட், அடுத்தவங்க வாங்க"ன்னு கத்தினான். பன்னிரண்டரைக்கு முதல் பையன் கொடுத்து முடிச்சு எழுந்த வேகத்துல சரிஞ்சு விழுந்தான். அதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்ல ரெண்டு பேருக்கு மயக்கம். வரிசையில 38 பேர் நின்னாங்க, திரும்பிப் பார்த்தா பாதி பேரைக் காணோம். அன்னைக்கு எடுத்தது 17 பை.

இந்தத் தடவை அண்ணனையும் கொண்டாடணும், புதுசா வர்ற பசங்களும் கூனிக் குறுகக் கூடாது. ரெண்டும் ஒரே நாள்ல நடக்குமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மாம்பலம் மணி:
வாழ்த்துகள் தம்பி! கேடயம்னா மரப்பலகையில பித்தளைத் தகடு பதிச்சு வாங்குங்க. அக்ரிலிக்ல செஞ்சா சீக்கிரம் கீறல் விழும். அளவு பன்னிரண்டு அங்குலம் போதும். எங்க தெருவுல ஒருத்தர் நல்லா செய்வார், வேணும்னா சொல்லுங்க.

பாண்டியன்62:
என் பேர்ல இருக்கிற எண் நான் கொடுத்த தடவை. காவிரிக்கரையான், நீங்க தேவையில்லாம பயப்படுறீங்க. நான் முதல் தடவை கொடுத்ததே ஒரு மேடையைப் பார்த்துத்தான். 1994ல எங்க ஊர் போஸ்ட்மேன் ஒருத்தருக்கு 50ஆவது தடவைக்கு சால்வை போட்டாங்க. நாமளும் அப்படி நிக்கணும்னு தோணுச்சு, மறுவாரமே போய் கொடுத்தேன். இப்ப உள்ள பசங்களைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தாங்கினா எவனும் வர மாட்டான். அந்த சிறப்பு விருந்தினர் பேசினது தப்பு, ஒத்துக்குறேன். அதுக்காக விழாவையே மறைச்சு வைக்கணுமா?

ஜூஸ்கடை ரமேஷ்:
அண்ணே, ரெண்டே விஷயம். முந்தின நாள் எல்லாப் பசங்களுக்கும் பீட்ரூட் ஜூஸ் கொடுத்துடுங்க, ஹெச்பி ஏறிடும், ஒருத்தரும் ரிஜெக்ட் ஆக மாட்டாங்க. அப்புறம் மைக்குல சொல்லுங்க, கொடுத்த ரத்தம் இருபத்துநாலு மணி நேரத்துல திரும்ப ஊறிடும்னு. ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் 1173 தடவை ரத்தம் கொடுத்திருக்கார். அதைச் சொன்னா பயம் போயிடும்.

வசந்தா (ஓய்வு):
நான் அரசு ஆஸ்பத்திரி பிளட் பேங்க்ல 28 வருஷம் டெக்னீஷியனா இருந்தவ. ரமேஷ் தம்பி, நீங்க சொல்றதுல பாதி சரி. இருபத்துநாலு மணி நேரத்துல, கூடினா ரெண்டு நாள்ல திரும்புறது ரத்தத்துல உள்ள நீர்ப்பகுதி, அதான் பிளாஸ்மா. சிவப்பணு பழைய அளவுக்கு வரப் பல வாரம் ஆகும். அதனாலதான் ஆம்பிளைக்கு 90 நாள், பொம்பளைக்கு 120 நாள் இடைவெளின்னு வச்சிருக்காங்க. ஒரு ராத்திரி பீட்ரூட் குடிச்சு ஹெச்பி ஏறாது. அதுக்கு மாசக்கணக்குல இரும்புச்சத்து உள்ளே போகணும். அந்த ஆஸ்திரேலியாக்காரர் கதை நிஜம். ஆனா அவர் கொடுத்தது பெரும்பாலும் பிளாஸ்மா, அதை ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் கொடுக்கலாம். நம்ம பசங்ககிட்ட 1173ன்னு சொன்னா பயம் போகாது, நமக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு எழுந்து போயிடுவாங்க. அவரைப் பத்தி சொல்லணும்னா இதைச் சொல்லுங்க: அவருக்கு ஊசின்னா பயம். கடைசி வரைக்கும் ஊசி ஏறுறதைப் பார்க்காம முகத்தைத் திருப்பிக்கிட்டே கொடுத்தார்.

இப்ப காவிரிக்கரையான் கேட்டதுக்கு வர்றேன். தம்பி, அன்னைக்கு நடந்ததுல பாதிப் பழிதான் அந்தப் பேச்சுக்கு. மீதியைக் கேளுங்க. ஏழு மணிக்கு ரெண்டு இட்லி, பன்னிரண்டரைக்கு ஊசி. அஞ்சரை மணி நேரம் ஆச்சு. இடையில தண்ணி குடிச்சிருக்க மாட்டாங்க, வரிசையில நின்னுக்கிட்டே இருந்திருப்பாங்க. மயக்கத்துக்கு இதைவிட என்ன வேணும்? முதல் தடவை கொடுக்கிறவங்க, சின்ன வயசு, எடை குறைச்சல், மனசுல பயம், இந்த நாலும் சேர்ந்தா நாடித்துடிப்பு குறைஞ்சு பி.பி. சட்டுனு இறங்கும். உங்க வரிசையில நின்ன எல்லாருக்கும் இதுல மூணு இருந்திருக்கும். அதை "நடுங்குதா"ன்னு கேட்டா, உடம்பு செய்யிற வேலையை கோழைத்தனம்னு பேர் வச்ச மாதிரி.

தடுக்கிறது ரொம்ப சுலபம். ஊசி போட பத்து நிமிஷம் இருக்கும்போது ஆளுக்கு அரை லிட்டர் தண்ணி கொடுத்து, முழுசாக் குடிக்கச் சொல்லுங்க. படுத்திருக்கும்போது கால் மேல கால் போட்டுத் தொடையையும் இடுப்பையும் இறுக்கி இறுக்கி விடச் சொல்லுங்க. ரத்தம் காலுக்கு இறங்கித் தேங்காது. முடிஞ்சதும் உடனே எழுப்பாதீங்க. கொஞ்சம் படுத்திருக்கட்டும், அப்புறம் கட்டில் ஓரத்துல உட்காரட்டும், அப்புறம் நடக்கட்டும். மயக்கம் வர்றது முகத்துல முன்னாடியே தெரியும். வளவளன்னு பேசிக்கிட்டிருந்த பிள்ளை திடீர்னு அமைதியாகும், கொட்டாவி விடும், மேலுதட்டுல வேர்வை முத்து முத்தா நிக்கும். அப்பவே தலையைத் தாழ்த்திக் காலை உசத்திட்டா பெரும்பாலும் மயக்கம் வர்றதுக்குள்ள தடுத்துடலாம். கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை போடுங்க. ஒருத்தர் சரியறதைப் பார்த்தா அடுத்தவருக்கும் வரும்.

காவிரிக்கரையான்:
அக்கா, கொட்டாவி விஷயம் நிஜமாவே எனக்குத் தெரியாது. அன்னைக்கு விழுந்த பையனைப் பார்த்து "தூக்கம் வருதா தம்பி"ன்னு கிண்டல் பண்ணினது ஞாபகம் வருது. ச்சே.

இலக்கியா:
நான் எழுதலாமான்னு தெரியலை. நீங்க சொல்ற காலேஜ்லதான் படிக்கிறேன்னு நினைக்கிறேன், நோட்டீஸ் ஒட்டியிருக்கு. போன வருஷம் வேற ஒரு கேம்ப்புக்குப் போனேன். நீலத் தண்ணியில என் ரத்தம் மிதந்துச்சு. அங்க இருந்தவர் "உனக்கு ரத்தமே இல்லையேம்மா, நீ எங்க குடுக்க வந்த"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னார். ஹாஸ்டல்ல ரெண்டு மாசம் ரத்தமில்லா ராணின்னு கூப்பிட்டாங்க. இந்தத் தடவை வரணும்னு ஆசை இருக்கு, ஆனா மறுபடி மிதந்தா என்ன பண்றது? மேடையில நூறு தடவை கொடுத்தவர் உட்கார்ந்திருக்க, கீழ நான் ஒரு சொட்டு கூட தேறாம திரும்பிப் போகணுமா?

திருச்சி டீச்சர்:
இலக்கியா, முதல்ல ஒண்ணு. உன் மேல ஒரு தப்பும் இல்லை. நான் பெண்கள் கல்லூரியில என்.எஸ்.எஸ். பார்த்தவ. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21ல இந்தியாவுல 15லேருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு. அந்தக் கணக்குக்கு ஹெச்பி 12தான் கோடு. ரத்தம் கொடுக்க 12.5 வேணும். அப்போ ஒரு பெண்கள் கல்லூரியில நூறு பேர் ஆசையா வந்தா பாதிக்கு மேல திரும்பத்தான் போவாங்க. முதல் வருஷம் இது தெரியாம நான் அழுதுட்டேன். ரெண்டாவது வருஷத்துலேருந்து கேம்ப்புக்கு மூணு மாசம் முன்னாடியே ஹெச்பி பார்த்துட்டோம். குறைஞ்சவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். சிலர் ஏறி வந்தாங்க, சிலருக்கு ஏறலை. ஏறாதவங்க தைராய்டு, மாதவிடாய்ப் பிரச்னைன்னு டாக்டரைப் பார்த்தாங்க. கேம்ப்ல ரத்தம் கிடைச்சதோ இல்லையோ, அந்தப் பிள்ளைகளுக்கு வைத்தியம் கிடைச்சுச்சு.

வசந்தா (ஓய்வு):
டீச்சர் சொன்னது முழுக்க சரி. அதோட இன்னொண்ணு சேர்த்துக்குறேன், இலக்கியா இதைத் தெரிஞ்சுக்கணும். அந்த நீலத் தண்ணி காப்பர் சல்ஃபேட். அதோட கனம் 12.5 ஹெச்பி உள்ள ரத்தத்தோட கனத்துக்குச் சரியா இருக்கிற மாதிரி கரைச்சு வச்சிருப்பாங்க. சொட்டு பதினைஞ்சு வினாடிக்குள்ள அடியில போனா சரி, நின்னாலோ மேலே வந்தாலோ குறைவு. நல்ல சோதனைதான், செலவு கம்மி. ஆனா ஏமாத்தும். விரலைக் குத்திட்டு ரத்தம் வரலைன்னு பிசைஞ்சு எடுத்தா சதையில உள்ள நீரும் கலந்து வரும், சொட்டு லேசாகி மிதக்கும். சொட்டுல ஒரு காத்துக் குமிழ் இருந்தாலும் மிதக்கும். ஒரே தண்ணியில நாற்பது அம்பது பேருக்குப் பார்த்தாலும் சரியா வராது. முப்பது மில்லிக்கு இருபத்தஞ்சு சோதனை, அப்புறம் கொட்டிட்டு மாத்தணும். கை ஜில்லுன்னு இருக்கிற, பயந்த பிள்ளைக்குத்தான் விரலைப் பிசையவேண்டி வரும். அதுதான் கொடுமை.

அதனால மிதந்தவங்களுக்கு, கையைச் சூடு பறக்கத் தேய்ச்சுட்டு, முதல் சொட்டைத் துடைச்சுட்டு, இரண்டாவது சொட்டைச் சின்ன மெஷின்ல பாருங்கன்னு டீம்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சிக்கோங்க தம்பி. மெஷின் 12.3 காட்டினா 12.3தான், அதுல கெஞ்சக் கூடாது. அந்த மேசையையும் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடுங்க. சொட்டு முங்குதா மிதக்குதான்னு வரிசையில நிக்கிறவங்க எட்டிப் பார்க்கிறதுக்கு அது என்ன ஜல்லிக்கட்டா?

பாண்டியன்62:
வசந்தாம்மா, உங்களை மதிக்கிறேன். மேசையைத் திருப்புறது, தண்ணி கொடுக்கிறது எல்லாம் சரி. என் கேள்விக்குப் பதில் வரலை. நூறு தடவை கொடுத்தவரை எங்க வைக்கிறது?

புதுவை சேகர்:
ஒரு சின்ன சந்தேகம், தப்பா எடுத்துக்க வேண்டாம். அண்ணன் கொடுத்த நூறும் முழு ரத்தமா, இல்லை பிளேட்லெட்னு சொல்ற தட்டணுவும் சேர்த்தா? நான் தட்டணு கொடுக்கிறவன். மெஷின்ல ஒன்றரை மணி நேரம் உட்காரணும். வருஷத்துக்கு 24 தடவை வரைக்கும் விடுறாங்க. அஞ்சு வருஷத்துல என் கணக்கு 70 தாண்டிடுச்சு. எங்க குரூப்ல இதை முழுசா எண்ணுறதில்லை, அரையா எண்ணுறாங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

காவிரிக்கரையான்:
எல்லாம் முழு ரத்தம் சேகர் சார். 32 வருஷம். கணக்குப்படி 128 தடவை கொடுத்திருக்கலாம், 28 தடவை ஏதோ காரணத்துக்காக விட்டிருக்கார். நாய் கடிச்சு ஊசி போட்டதால ஒரு வருஷம் முழுக்கக் கொடுக்க முடியலைன்னு சொல்லிச் சிரிப்பார்.

திருச்சி டீச்சர்:
சேகர் சார் கேட்டது நல்ல கேள்வி. அதோட இன்னொரு கணக்கும் இருக்கு. ஆம்பிளை 90 நாளைக்கு ஒருதரம் கொடுத்தா 25 வருஷத்துல நூறு. பொம்பளை 120 நாளைக்கு ஒருதரம்னா கிட்டத்தட்ட 33 வருஷம் ஆகும், அதுவும் கர்ப்பம், பால் கொடுக்கிற காலம் எதுவும் இல்லாம. பதினெட்டுல ஆரம்பிச்சாலும் அம்பத்தோரு வயசு. எந்தப் பொண்ணுக்கு இது நடக்கும்? மேடையில எண்ணை மட்டும் தூக்கிப் பிடிச்சா, கீழ இருக்கிற பாதிப் பேருக்கு அது எட்டாத எண். நான் என் கல்லூரியில எண்ணுக்கு மாலை போடுறதை நிறுத்திட்டேன். ரெண்டாவது தடவை வந்தவங்களுக்குத்தான் கை தட்டுவோம்.

பாண்டியன்62:
ரெண்டாவது தடவைக்குக் கைதட்டல், நூறுக்கு ஒண்ணும் இல்லை. நல்லாயிருக்கு.

வசந்தா (ஓய்வு):
பாண்டியன் தம்பி, கோபப்படாதீங்க. உங்களுக்குப் பதில் சொல்றேன், எனக்கு நடந்த ஒண்ணைச் சொல்லிட்டு.

ஒரு கம்பெனி கேம்ப். மேலதிகாரி மேடையில நின்னுக்கிட்டு "யார் யார் குடுக்கலை, கையைத் தூக்குங்க"ன்னார். யாரும் தூக்கலை. எல்லாரும் கட்டிலுக்கு வந்தாங்க. மறுநாள் காலையில எனக்கு ஒரு போன். "மேடம், என் பையைத் தூக்கிப் போட்டுடுங்க, யூஸ் பண்ணாதீங்க. காரணம் கேட்காதீங்க"ன்னு ஒரு குரல். அந்தப் பையன் ஃபார்ம்ல எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் அடிச்சிருந்தான். பக்கத்துல அவன் மேனேஜர் நின்னா வேற என்ன அடிப்பான்? ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாம் நாங்க பார்ப்போம். ஆனா தொத்தி சில நாளே ஆனா எந்தச் சோதனையிலயும் தெரியாம இருக்கலாம். அந்த நாட்களுக்கு எங்களுக்கு இருக்கிற ஒரே காவல் அந்தப் பையன் உண்மை சொல்றதுதான். அவனை வெட்கப்படுத்தி கட்டில்ல படுக்க வச்சா, அந்தக் காவலை நாமளே எடுத்துடுறோம். நல்லவேளை போன் பண்ணினான். பண்ணாதவங்க எத்தனை பேரோ.

இதே அழுத்தம் உங்க அண்ணனுக்கும் வரும். அக்டோபர் 1க்கு பேனர் அடிச்சு, மாலை வாங்கி, கலெக்டரைக் கூப்பிட்டு வச்சிருக்கீங்க. அன்னைக்குக் காலையில அவருக்கு லேசா காய்ச்சல். சொல்வாரா? மாட்டார். மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்து படுப்பார். அவர் சொட்டு மிதந்தா? டெக்னீஷியன் மேல எல்லாரும் பாய்வீங்க.

அதனால, நூறாவதை அன்னைக்கு வைக்காதீங்க. ஒரு வாரம் முன்னாடி, சாதாரண நாள்ல, பிளட் பேங்குக்கே போய் சத்தமில்லாம கொடுத்துட்டு வரட்டும். தள்ளிப்போனாலும் யாருக்கும் தெரியாது. கேம்ப் அன்னைக்கு அவரால கொடுக்க முடியாது, 90 நாள் ஆகலை. அன்னைக்கு அவர் கை ஃப்ரீ. அந்தக் கையை எங்க வைக்கலாம்னு யோசிங்க. பாண்டியன் தம்பி, உங்க கேள்விக்கு என் பதில்: ஜூஸ் கொடுக்கிற மேசையில.

பாண்டியன்62:
நூறு தடவை கொடுத்த மனுஷன் ஜூஸ் ஊத்தணுமா?

வசந்தா (ஓய்வு):
பின்னே? ஜூஸ் மேசைதான் கேம்ப்லயே ரொம்ப முக்கியமான இடம். கொடுத்து முடிச்சவங்க அங்க பத்துப் பதினைஞ்சு நிமிஷம் உட்கார்ந்தே ஆகணும். மயக்கம் பல பேருக்கு வர்றதும் அந்த நேரத்துலதான். அடுத்த தடவை வரலாமா வேண்டாமான்னு மனசுல முடிவு பண்றதும் அங்கதான்.

இன்னொண்ணு. சால்வையோட சேர்த்து அண்ணனுக்கு ஒரு ஃபெரிட்டின் டெஸ்ட்டும் எடுத்துக் கொடுங்க. உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு அது காட்டும். ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட 200 மில்லிகிராம் இரும்பு உடம்பை விட்டுப் போகுது. சாப்பாட்டுலேருந்து நாளைக்கு ஒண்ணு ரெண்டு மில்லிகிராம்தான் உள்ளே வரும். தொண்ணூறு நாளைப் பெருக்கிப் பாருங்க, கணக்கு இடிக்கும். ஹெச்பி நல்லாத்தான் காட்டும். சட்டைப்பையில காசு இருக்கும், பெட்டகம் காலியா இருக்கும். ஃபெரிட்டின் பார்த்தாத்தான் பெட்டகம் தெரியும்.

ஜூஸ்கடை ரமேஷ்:
அக்கா, ஜூஸ் மேசைன்னு சொன்னதும் ஒரு சந்தேகம். டீ வைக்கலாமா? எங்க ஊர் கேம்ப்ல டீயும் பன்னும்தான்.

வசந்தா (ஓய்வு):
சாப்பாட்டோட டீ குடிச்சா இரும்பு சரியா உடம்புல சேராது. ஒரு நாள் டீயில ஒண்ணும் குடிமுழுகிப் போகாது, ஆனா உங்க கடையிலயே எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்துடலாமே!

காவிரிக்கரையான்:
அண்ணன்கிட்ட பேசினேன். முதல்ல முகம் சுருங்கிடுச்சு. "அப்போ மேடை இல்லையா?"ன்னு கேட்டார். சரி, மனுஷன்தானே. அப்புறம் அந்த 75ஆவது நாளைப் பத்தி நானே சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் பொண்ணு மிதந்துச்சுன்னு கத்தினப்ப நான் மேடையிலதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒருதடவை 12.1 வந்து திருப்பி அனுப்பியிருக்காங்கன்னு அப்பவே எழுந்து சொல்லியிருக்கணும், சொல்லலை"ன்னார். விழா சாயங்காலம், ரத்தம் எடுக்கிற வேலை எல்லாம் முடிஞ்சு, வேற ஹால்ல. பாண்டியன் அண்ணே, சால்வை உண்டு. நீங்களும் வாங்க.

பாண்டியன்62:
வர்றேன். ஆனா நான் மாறலை. மேடை நாலு பேரை விரட்டும், நாற்பது பேரை இழுக்கும்.

*(அக்டோபர் 3)*

காவிரிக்கரையான்:
கேம்ப் முடிஞ்சது. நடந்ததை அப்படியே சொல்றேன்.

அண்ணன் செப்டம்பர் 23 அன்னைக்கு ஜி.எச்.சுக்குப் போய் நூறாவதைக் கொடுத்துட்டார். கூட நான் மட்டும்தான். வெளியே வந்து பெட்டிக்கடையில ஆளுக்கொரு வாழைப்பழம் சாப்பிட்டோம். அவ்வளவுதான் விழா.

கேம்ப்புக்கு 41 பேர் வந்தாங்க. காலை ஒன்பதரைக்கு டிபன், பத்துக்கு முதல் ஊசி. பேச்சு கிடையாது. தண்ணி பாட்டில் கொடுக்கிற வேலைக்கு ரெண்டு பேரை நிறுத்தினோம். 31 பேர் கொடுத்தாங்க. 9 பேரைத் தள்ளி வச்சாங்க: ஆறு பேருக்கு ஹெச்பி, ஒருத்தருக்கு எடை 45க்குக் கீழே, ஒருத்தர் நாலு மாசம் முன்னாடி பச்சை குத்தினவர், ஒருத்தருக்கு என்ன காரணம்னு எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. ஒரு பையன் கட்டில்ல உட்கார்ந்துட்டு "முடியலை"ன்னு எழுந்துட்டான்.

ஒன்பது பேருக்கும் எப்ப திரும்ப வரலாம்னு தேதி எழுதின சீட்டு கொடுத்தோம். ஹெச்பி குறைஞ்சவங்களுக்கு எண்ணையும் எழுதிக் கொடுத்தோம், டாக்டர்கிட்ட காட்ட. ரிஜெக்ட்ங்கிற வார்த்தையை அன்னைக்கு யாராவது சொன்னா பத்து ரூபாய் அபராதம்னு வச்சோம். முப்பது ரூபாய் சேர்ந்துச்சு, அதுல இருபது என்னோடது.

அண்ணன் ஜூஸ் மேசையில. வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் அவர் முதல் தடவையைச் சொன்னார். 19 வயசுல பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பிரசவம்னு கூப்பிட்டாங்களாம், போய் ஊசியைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓடிட்டாராம். எனக்கே இது புதுசு. எழுந்து போன பையனைக் கூப்பிட்டு அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். அவன் "நான் குடுக்கலையே அண்ணே"ன்னான். "நானும் இன்னைக்குக் குடுக்கலடா, குடி"ன்னார். அந்தப் பையன் சாயங்காலம் விழா வரைக்கும் நாற்காலி எடுத்துப் போட்டான். அடுத்த தடவை கொடுப்பானான்னு தெரியாது.

மயக்கம் ஒரே ஒருத்தருக்கு, ஜூஸ் மேசையிலயே. கொட்டாவியை முதல்ல பார்த்தது அண்ணன்தான். தரையிலயே படுக்க வச்சுக் காலை நாற்காலி மேல தூக்கி வச்சார். அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சு.

இலக்கியா:
என்னோடது முதல்ல மிதந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்த சிஸ்டர் ஒண்ணும் பேசாம கையைத் தேய்ச்சுவிட்டு மெஷின்ல பார்த்தாங்க, 12.9. அஞ்சு மாசமா மாத்திரை சாப்பிட்டதுதான் காரணமா, போன வருஷமும் குமிழ்தானான்னு தெரியலை. 350 மில்லி எடுத்தாங்க. நான் 48 கிலோ. ஊசியைப் பார்க்கலை, ஆஸ்திரேலியாக்காரர் மாதிரி. என் சீட்டுல ஜனவரி 29ன்னு தேதி போட்டிருக்கு.

புதுவை சேகர்:
வாழ்த்துகள் இலக்கியா. தட்டணுவை எப்படி எண்ணுறதுன்னு கேட்டதுக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லலை.

வசந்தா (ஓய்வு):
சேகர் தம்பி, எண்ணுறதுக்குன்னு ஒரே முறை கிடையாது, ஊருக்கு ஒரு மாதிரி. உங்க தட்டணு அஞ்சு நாளுக்கு மேல தாங்காது, யாருக்கோ உடனே ஏறியிருக்கும். அதை அரைன்னு சொல்றது எனக்குப் பிடிக்கலை. ஆனா முழு ரத்தம் நூறும் தட்டணு நூறும் ஒண்ணுன்னும் சொல்ல மாட்டேன்.

மாம்பலம் மணி:
அப்போ கேடயம் வாங்கினீங்களா இல்லையா?

காவிரிக்கரையான்:
வாங்கலை மணி சார். சால்வையும் ஃபெரிட்டின் டெஸ்ட்டும்தான். ரிசல்ட் நேத்து வந்துச்சு. ஹெச்பி 13.4, ஆனா ஃபெரிட்டின் 11. வசந்தாக்கா சொன்ன அந்தப் பெட்டகம் கிட்டத்தட்ட காலி. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து, கடைசியாக் கொடுத்ததுலேருந்து ஆறு மாசத்துக்கு ரத்தம் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார். டிசம்பர் 22ன்னு நோட்டுல எழுதி வச்சிருந்த தேதியை அண்ணன் அடிச்சுட்டு மார்ச்னு எழுதினார். ஒரு நாள் முழுக்க யார்கூடவும் பேசலை.

பாண்டியன்62:
நானும் ஃபெரிட்டின் பார்க்கணுமா வசந்தாம்மா?

வசந்தா (ஓய்வு):
62 தடவையா? நாளைக்கே பாருங்க.

இலக்கியா:
ஜனவரி 29க்கு அண்ணன் ஜூஸ் மேசையில இருப்பாரா?

காவிரிக்கரையான்:
இருப்பார். மார்ச் வரைக்கும் அவருக்கு அங்கதான் வேலை.